புளோயர் முதல் பாக்டீரியா பொடி வரை: அடுக்குமாடி எஸ்.டி.பி.யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் புறநகரில் பாதாளச் சாக்கடை இணைப்பு வராத பகுதிகளில், பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் தங்கள் கழிவுநீரைத் தாங்களே சுத்திகரித்தாக வேண்டும். தரைத்தளத்தில் எங்கோ ஒரு மூலையில் எஸ்.டி.பி. என்ற அந்தச் சுத்திகரிப்பு நிலையம் ஓடிக்கொண்டிருக்கும். நாற்றம் வந்தால்தான் அதைப் பற்றிப் பேச்சு வரும். அந்த நாற்றத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமாக இருப்பது குறைவு. தொட்டிக்குள் இருக்கும் உயிர்களை மறந்துவிட்டு எடுத்த முடிவுகள்தான் பெரும்பாலும் காரணம்.

200 வீடுகள், சுமார் 800 பேர் இருக்கும் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்று கணக்கிடுவது வழக்கம். அப்படியானால் தினமும் ஏறத்தாழ 86,000 லிட்டர் வரும். முதலில் கம்பி வலை பிளாஸ்டிக்கையும் துணியையும் பிடிக்கும். எண்ணெய்த் தொட்டி சமையலறைக் கொழுப்பைப் பிரிக்கும். காலை ஏழு மணிக்குக் கொட்டுவதும் மதியம் சொட்டுவதும் கலந்து ஒரே சீராகப் போவதற்கு ஒரு சமன்படுத்தும் தொட்டி உண்டு. அடுத்து வரும் காற்றூட்டும் தொட்டியில்தான் உண்மையான வேலை நடக்கிறது. அதற்குப் பின் கசடு அடியில் தங்க ஒரு படிவுத் தொட்டி, கடைசியாக மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, குளோரின்.

காற்றூட்டும் தொட்டியில் பாக்டீரியாக்கள் தனித்தனியாக மிதப்பதில்லை. தாங்கள் சுரக்கும் பசையால் ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறத் திரளைகளாக இருக்கும். கரைந்திருக்கும் கரிமப்பொருளைத் தின்று, ஆக்சிஜனைப் பயன்படுத்தி, ஒரு பகுதியைக் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாற்றும். மீதியைத் தங்கள் உடலாக்கிக்கொள்ளும். வோர்ட்டிசெல்லா போன்ற ஒருசெல் உயிரிகள் திரளையில் ஒட்டாமல் அலையும் பாக்டீரியாக்களைப் பிடித்துத் தின்பதால்தான் மேல்தண்ணீர் தெளிகிறது. 1914இல் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டனும் வில்லியம் லாக்கெட்டும் இந்த முறையை வெளியிட்டார்கள். அவர்கள் செய்த முக்கியமான காரியம், படிந்த கசட்டைக் கொட்டிவிடாமல் வைத்துக்கொண்டு, அடுத்த கழிவுநீரோடு சேர்த்துக் காற்றூட்டியது. வாரக்கணக்கில் ஆகிற சுத்திகரிப்பு சில மணி நேரத்தில் முடிந்தது. இன்றைக்கும் படிவுத் தொட்டியிலிருந்து கசட்டைத் திருப்பி அனுப்பும் பம்ப் இருப்பது அதனால்தான்.

சரி, தவறுகளுக்கு வருவோம். மின்கட்டணம் குறைய வேண்டும் என்று தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயரை இரவு பத்து மணிக்கு நிறுத்திக் காலை ஆறு மணிக்குப் போடுவதுதான் நான் அடிக்கடி பார்ப்பது. காற்றூட்டும் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருந்தால் போதும்; ஆனால் அவ்வளவு கூட்டமாக உயிர்கள் இருக்கும்போது அந்தக் கையிருப்பு சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மீதி இரவு முழுக்கக் கசடு அடியில் படிந்து, காற்று வரும் டிஃபியூசர்களை மூடிக் கிடக்கும். ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் தலைதூக்கி, சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். காலையில் புளோயரைப் போட்டதும் கிளம்பும் அழுகிய முட்டை நாற்றம் இதுதான். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இல்லாமல் வேலை செய்யாது. மெதுவாகப் பெருகுபவை என்பதால் அவை குறைந்துவிட்டால் பழைய நிலைக்கு வர வாரங்கள் ஆகும். போதாததற்கு, குறைந்த ஆக்சிஜனிலும் தாக்குப்பிடிக்கும் இழை வகைப் பாக்டீரியாக்கள் பெருகிக் கசட்டைப் படியவிடாமல் செய்யும். நைட்ரேட்டை வெளியேற்றுவதற்காகத் திட்டமிட்டுக் குறுகிய நேரம் காற்றை நிறுத்தும் ஆலைகள் உண்டு. எட்டு மணி நேர நிறுத்தம் அந்த வகையில் சேராது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே புளோயரின் வேகத்தைக் குறையுங்கள்.

அடுத்த தவறு கசட்டை வெளியேற்றுவதில். இதில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது: சிலர் எடுப்பதே இல்லை, சிலர் லாரி வைத்து மொத்தத்தையும் உறிஞ்சிவிடுகிறார்கள். நம் குடியிருப்புக் கணக்கையே பார்ப்போம். 86,000 லிட்டரில், பாக்டீரியாக்களுக்கு உணவு எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் பி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றால், நாளுக்கு ஏறக்குறைய 21 கிலோ. காற்றூட்டும் தொட்டி 80,000 லிட்டர், அதில் லிட்டருக்கு 3,500 மில்லிகிராம் கசடு என்றால் உள்ளே இருப்பது 280 கிலோ. 21 கிலோ உணவிலிருந்து தினமும் 8 முதல் 10 கிலோ புதுக் கசடு உண்டாகும். வெளியேற்ற வேண்டியதும் அவ்வளவுதான். படிவுத் தொட்டியின் அடியில் லிட்டருக்கு 10 கிராம் அடர்த்தி இருந்தால், ஒரு நாளைக்கு 1,000 லிட்டர் எடுத்தால் போதும். ஒரு மாதம் எடுக்காமல் விட்டால் கசடு இருமடங்கை நெருங்கி, படிவுத் தொட்டியின் விளிம்பைத் தாண்டி மணல் வடிகட்டியை அடைக்கும். மொத்தமாக உறிஞ்சினாலோ, வேலை செய்யும் கூட்டமே போய்விடும். அப்புறம் பல நாளைக்கு வருவது வெள்ளை நுரைதான். எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்க்கக்கூடியது.

எவ்வளவு எடுப்பது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. ஒரு லிட்டர் அளவு ஜாடியில் காற்றூட்டும் தொட்டி நீரை நிரப்பி, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். கசடு 250 முதல் 400 மில்லி வரை படிந்து, மேலே தெளிவாக இருந்தால் நல்லது. 800 மில்லியிலேயே நின்றால் உடனே லாரியைக் கூப்பிட வேண்டாம். அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அதே நீரில் பாதி எடுத்து, சுத்திகரித்த தண்ணீரைச் சமமாகக் கலந்து மறுபடி வையுங்கள். இம்முறை 200 மில்லிக்கு இறங்கினால் கூட்டம் அதிகம், கசட்டை எடுங்கள். 400க்கு மேலேயே நின்றால் இழைப் பாக்டீரியா. காற்று போதுமா, எண்ணெய் அதிகமாக வருகிறதா என்று பாருங்கள். படிந்த கசடு ஓரிரு மணி நேரம் கழித்துக் குமிழிகளோடு மேலே எழும்பினால் அது வேறு கதை: நைட்ரேட்டிலிருந்து நைட்ரஜன் வாயு வந்து தூக்குகிறது. படிவுத் தொட்டியிலும் அதுவே நடந்தால், கசடு அங்கே அதிக நேரம் தங்குகிறது என்று பொருள். திருப்பி அனுப்பும் பம்பின் ஓட்டத்தைக் கூட்ட வேண்டும். மிதக்கும் கசட்டைப் பார்த்ததும் குளோரினைக் கொட்டுவது இதற்குத் தீர்வு இல்லை.

வீடுகளில் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபினாயிலும் டாய்லெட் கிளீனரும் அத்தனை ஆயிரம் லிட்டரில் கலந்து நீர்த்துப்போகும். குடிநீர்த் தொட்டியைக் கழுவிய பிளீச்சிங் தண்ணீர் மொத்தமாக ஒரே நேரத்தில் வடிகாலில் விழுவதுதான் ஆபத்து. அதை ஒரு நாள் தேக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பாக்டீரியா பொடி. ஆலை சரியில்லை என்றதும் மாதாமாதம் சில கிலோ வாங்கிப் போடுகிறார்கள். 280 கிலோ உயிர்க்கூட்டம் இருக்க வேண்டிய இடத்தில் சில கிலோ பொடி என்ன செய்துவிடும்? காற்று இல்லாததால் செத்த தொட்டியில், போட்ட பாக்டீரியாவும் சாகும். முதலில் காற்றைச் சரிசெய்யுங்கள். உண்மையிலேயே புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தால், நன்றாக ஓடும் பக்கத்து எஸ்.டி.பி.யிலிருந்து அடர்ந்த கசட்டை 10,000 லிட்டர் லாரியில் கொண்டுவாருங்கள். லிட்டருக்கு 8 கிராம் என்றாலே 80 கிலோ கிடைத்துவிடும். இறக்கியவுடன் காற்றைக் கொடுத்து, முதல் வாரம் கழிவுநீரைக் கால் பங்கு மட்டும் உள்ளே விட்டு, மீதியை லாரியில் அனுப்புங்கள். ஜாடியில் பழுப்புத் திரளை திரண்டு படிவதைப் பார்த்த பிறகு அளவைக் கூட்டலாம்.