நாலாம் அதிபதியை வைத்து வீடு வாங்கும் காலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஜாதகக் கட்டத்தில் "ல" என்று போட்டிருக்கும் ராசியை ஒன்றாக வைத்து கடிகார முள் சுற்றும் திசையில் எண்ணுங்கள், நாலாவது வருவதுதான் வீடு, நிலம், வண்டிக்கான இடம். கடக லக்னத்தை எடுத்துக்கொள்வோம். நாலாம் இடம் துலாம், அதிபதி சுக்கிரன். உதாரணத்துக்கு எடுத்த இந்த ஜாதகத்தில் சுக்கிரன் மீனத்தில் உச்சம், செவ்வாய் மேஷத்தில் ஆட்சி.

அடுத்து, வீடா வண்டியா என்று பிரிக்க வேண்டும். நிலத்துக்குக் காரகன் செவ்வாய், வண்டிக்கு சுக்கிரன். இங்கே நாலாம் அதிபதியே சுக்கிரன் என்பதால் காரோடு முடிந்துவிடுமோ என்று தோன்றும். ஆனால் மேஷத்துச் செவ்வாய் ஏழாம் பார்வையாகத் துலாமைப் பார்க்கிறார், அதனால் நான் மனை பக்கம்தான் சாய்வேன்.

இனி காலம். நாலாம் அதிபதியின் தசை வர வேண்டும் என்று பலர் காத்துக்கொண்டே இருப்பார்கள், வேறு தசைக்குள் உட்பிரிவாக அவருடைய புக்தி வந்தாலே போதும். இந்த ஜாதகருக்கு குரு தசை 2017 ஜனவரி தொடக்கத்தில் ஆரம்பம் என்றால், குரு, சனி, புதன், கேது புக்திகள் கழிய 7 வருடம் 10 மாதம் 12 நாள் ஆகும். அப்புறம் 2024 நவம்பர் நடுவில் சுக்கிர புக்தி பிறந்து 2 வருடம் 8 மாதம் ஓடும். கடகத்துக்கு குரு ஆறாம் அதிபதியும்கூட, ஆறு கடன் ஸ்தானம், ஆகவே கைக்காசை விட வங்கிக் கடனில் வாங்கவே வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம்.

அந்த 32 மாதத்துக்குள் கோசாரத்தை, அதாவது அந்தந்த நேரத்துக் கிரக நகர்வைப் பாருங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை குரு மிதுனத்தில் இருந்து ஐந்தாம் பார்வையாகத் துலாமைப் பார்த்தார். அதே காலத்தில் செப்டம்பர் முதல் வாரம் புக்திக்குள் உட்பிரிவாக வரும் செவ்வாய் அந்தரமும் தொடங்கியது. செப்டம்பர் 16 வரை ஆவணி, அதற்குப் பிறகு புரட்டாசி. பத்திரம் பதிய நான் ஆவணிக்குள்தான் நாள் பார்த்திருப்பேன்.

ஆனால் அந்தரத்தை ரொம்ப நம்பாதீர்கள். இவர் ரோகிணியில் பிறந்தவர் என்றால் பிறப்பில் நடந்தது 10 வருட சந்திர தசை, பிறந்த நேரம் 10 நிமிடம் தவறினாலே தசை இருப்பு ஏறக்குறைய 25 நாள் நகர்ந்துவிடும். செவ்வாய் அந்தரமே இங்கே 56 நாள்தான். மருத்துவமனைச் சீட்டில் 10.00, 10.30 என்று முழு எண்ணாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு தேதி, திருக்கணிதத்தில் ஒரு தேதி என்று வந்தால் இரண்டையும் கலக்காமல், முன்பு நடந்த கல்யாணம், வேலை மாற்றம் போன்ற ஒரு சம்பவத்தோடு எது பொருந்துகிறதோ அந்தக் கணக்கையே கடைசி வரை பிடித்துக்கொள்ளுங்கள்.