கூகுள் டிரைவ் குப்பையைக் காலி செய்வதற்கு முன்: 30 நாள் கணக்கு

எங்கள் தண்ணீர்ப் பந்தல் குழுவின் பொருளாளர் அக்கா மார்ச் 29ஆம் தேதி என்னை அழைத்தார். "தம்பி, டிரைவ்ல இருந்த தைப்பூச வீடியோ எல்லாத்தையும் அழிச்சிட்டேன். ஆனா இன்னும் இடமில்லைன்னுதான் காட்டுது. மெயிலும் வர மாட்டேங்குது."

அவருடைய கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியும் நிரம்பியிருந்தது. இந்த 15 ஜிபி டிரைவுக்கு மட்டுமானதல்ல, ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் அதே இடத்தைத்தான் பங்கு போடுகின்றன. அதனால்தான் டிரைவ் நிரம்பியதும் மின்னஞ்சலும் நின்றுவிட்டது. வீடியோக்களை அழித்த பிறகும் இடம் ஏன் திரும்பவில்லை? அவை இன்னும் குப்பையில் இருந்தன. குப்பையில் இருக்கும் வரை டிரைவ் கோப்புகள் உங்கள் இடத்தில்தான் கணக்காகும்.

குப்பையைக் காலி செய்ய இரண்டு சொடுக்கு போதும். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அக்காவோடு உட்கார்ந்து செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் குப்பையைத் திறந்து தேதியைப் பாருங்கள்

கணினியில் drive.google.com போய், இடப்பக்கப் பட்டியலில் Trash என்பதைத் தட்டுங்கள். மலேசியாவில் பலருடைய கணக்கு பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இருப்பதால் Bin என்றும் இருக்கலாம், இரண்டும் ஒன்றுதான். கைப்பேசிச் செயலியில் மேலே இருக்கும் மூன்று கோடுகளைத் தட்டினால் அதே பெயர் வரும்.

உள்ளே ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே அதைக் குப்பையில் போட்ட தேதி இருக்கும். 30 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. கோப்பை எப்போது உருவாக்கினீர்கள், கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 30 நாள் முடிந்ததும் கூகுளே நிரந்தரமாக அழித்துவிடும். 2020 அக்டோபருக்கு முன் இப்படி இல்லை. நாம் காலி செய்யும் வரை எத்தனை வருடமானாலும் குப்பையிலேயே கிடக்கும். அந்தப் பழக்கத்தில் குப்பையைச் சேமிப்பு அறை போல வைத்திருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். தயவு செய்து அப்படி வைக்காதீர்கள்.

அக்கா இரண்டு கோப்புறைகளை மார்ச் 6 அன்று குப்பையில் போட்டிருந்தார். அப்படியானால் ஏப்ரல் 5 வரைதான் கெடு. நான் பார்க்கும்போது ஏழு நாள்தான் மீதி.

கோப்புறைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. ஒரு கோப்புறையைக் குப்பையில் போட்டால், குப்பையில் அது ஒரே வரியாகத்தான் தெரியும். அதற்குள் 3 கோப்பா, 300 கோப்பா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு முறை தட்டினாலும் திறக்காது. முதலில் மீட்டெடுங்கள் என்றுதான் சொல்லும்.

"தைப்பூசம் வீடியோ" என்ற பெயரில் இருந்ததால் அக்கா அதை வெறும் வீடியோ என்றே நினைத்தார். நான் அதை வலச்சொடுக்கி Restore கொடுத்தேன். பழைய இடத்துக்கே திரும்பிப் போனது. திறந்து பார்த்தால், வீடியோக்களுக்குக் கீழே "ரசீது" என்று இன்னொரு சிறு கோப்புறை. கூடாரம் வாடகைக்கு எடுத்த பில், அரிசி, மோர் வாங்கிய ரசீதுகள், நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியல் எல்லாம் அதில்தான் இருந்தன. ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் காட்ட வேண்டியவை. அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ரசீதுகளை வேறு கோப்புறைக்கு மாற்றினோம்.

மீதியை மறுபடியும் குப்பையில் போட்டால் 30 நாள் புதிதாகத் தொடங்கும். மார்ச் 29 அன்று போட்டால் ஏப்ரல் 28 வரை. முடிவெடுக்க நேரம் வேண்டும் என்றால் இந்த வழி உதவும். இடம் உடனே வேண்டும் என்றால் உதவாது.

பகிர்ந்த கோப்பா என்று கேளுங்கள்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. நீங்கள் பகிர்ந்த கோப்பை நீங்களே குப்பையில் போட்டாலும், அது நிரந்தரமாக அழியும் வரை மற்றவர்கள் திறந்து பார்க்க முடியும். எங்கள் குழுவில் அதுதான் நடந்தது. மூன்று வாரமாக எல்லாரும் வாட்சாப்பில் வந்த பழைய இணைப்பைத் தட்டி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது குப்பையில் இருப்பது யாருக்கும் தெரியவில்லை. ஏப்ரல் 5க்குப் பிறகு அந்த இணைப்பு எல்லாருக்கும் ஒரே நாளில் செத்துப் போயிருக்கும்.

அதனால் காலி செய்வதற்கு முன் குழுவில் ஒரு செய்தி போடச் சொன்னேன். வேண்டியவர்கள் தங்கள் கணினியிலோ கைப்பேசியிலோ இறக்கிக்கொண்டார்கள். தண்ணீர்மலையில் காவடி ஏறும் வீடியோவைத்தான் ஆறேழு பேர் கேட்டார்கள்.

மாறாக, கோப்பு வேறொருவருக்குச் சொந்தமானது என்றால், நீங்கள் அதை நீக்குவது உங்கள் பார்வையிலிருந்து மட்டும்தான். உங்கள் குப்பையைக் காலி செய்தாலும் அவரிடம் அது இருக்கும்.

சரி, இப்போது காலி செய்யலாம்

வீடியோக்களை மறுபடி குப்பைக்கு அனுப்பிவிட்டு Trash பக்கத்துக்கு வாருங்கள். மேலே Empty trash என்று இருக்கும். தட்டினால் நிரந்தரமாக அழிக்கவா என்று ஒரு முறை கேட்கும், Delete forever கொடுங்கள். ஒரே ஒரு கோப்பை மட்டும் அழிக்க வேண்டும் என்றால் அதை வலச்சொடுக்கினாலே Delete forever வரும். எனக்கு அந்த வழிதான் பிடிக்கும், மற்றவை பத்திரமாக இருக்கும்.

நிரம்பிய இடத்தின் அளவு அந்த நொடியே குறையாமல் போகலாம். ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அக்கா 5 ஜிபி குறையும் என்று எதிர்பார்த்தார், மறுநாள் காலை 3.6தான் குறைந்திருந்தது. மீதி வீடியோக்களை ஏற்றியது குழுவில் இருக்கும் இன்னொரு தம்பி. பகிர்ந்த கோப்புறையில் யார் ஏற்றுகிறார்களோ அவர்களுடைய இடத்தில்தான் அது கணக்காகும். அதைக் குறைக்க அவர்தான் அழிக்க வேண்டும்.

காலி செய்த பிறகு தேவைப்பட்டால்?

சொந்தக் கணக்கில் அதன் பிறகு Restore பொத்தான் கிடையாது. கூகுளின் உதவிப் பக்கம் வழியாக மீட்டுத் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம், கிடைக்கும் என்று உறுதி இல்லை. கூகுளின் கணினிகளிலிருந்து தரவு முழுக்கப் போக ஏறக்குறைய 2 மாதம் ஆகும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் அந்த 2 மாதமும் நாம் கைவைக்கக்கூடிய காலம் இல்லை.

கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த கூகுள் கணக்கு என்றால் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. குப்பையைக் காலி செய்து 25 நாளுக்குள் அங்குள்ள நிர்வாகியால் மீட்டுத் தர முடியும். அப்படி ஏதாவது தொலைந்தால் அன்றைக்கே ஐடி பிரிவுக்கு எழுதுங்கள், 26ஆம் நாள் அவர்களாலும் முடியாது.

மற்ற இடங்களில் கெடு வேறு. கூகுள் போட்டோஸில் காப்பெடுத்த படங்கள் 60 நாள் இருக்கும், அதற்குத் தனிக் குப்பை. டிரைவ் குப்பையைக் காலி செய்தால் அது காலியாகாது. ஜிமெயில் குப்பையும் தனி, அங்கே 30 நாள். ஒன்டிரைவ் சொந்தக் கணக்கில் 30 நாள், அலுவலகக் கணக்கில் வழக்கமாக 93 நாள்.

அக்காவின் ஜிமெயில் குப்பையையும் அன்றே பார்த்தோம். மறுநாள் மதியம் கூடாரக்காரர் அனுப்பிய மின்னஞ்சல் அவருக்கு வந்து சேர்ந்தது.