குடித்துவிட்டு நண்பனை நோகடித்த மறுநாள்: மன்னிப்புச் செய்தி எழுதுவது எப்படி?

நண்பனின் தங்கைக்கு நிச்சயம் முடிந்த இரவு, மொட்டை மாடியில் குடித்துக்கொண்டிருந்தோம். அவனுடைய தாய்மாமா வந்து உட்கார்ந்ததும், "இந்த நிச்சயமே என் காசுலதான் நடந்துச்சு" என்று கத்தினேன். நான் கொடுத்திருந்தது 40,000 ரூபாய் கைமாற்று. தடுக்க வந்த நண்பனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். அவனுக்கு நான் எழுதிய செய்தியை வைத்தே சொல்கிறேன்.

1. போதை இறங்கட்டும். ஒரு சாதாரண அளவு மதுவைக் கரைக்கவே உடம்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நள்ளிரவு வரை குடித்தவனுக்குக் காலையிலும் போதை மிச்சமிருக்கலாம். சாப்பிட்டு, குளித்து, மதியத்துக்கு மேல் எழுதுங்கள். அன்றைய நாளைத் தாண்ட விடாதீர்கள்.

2. என்ன பேசினோம் என்று கேளுங்கள். அதிகம் குடித்தால், நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும்போதே மூளை நினைவைப் பதிக்காமல் விட்டுவிடும். நமக்கு நினைவில்லை என்பதால் அது நடக்காமல் போய்விடாது. நாம் சொன்ன வார்த்தை என்ன என்று, குடிக்காமல் அங்கே இருந்த ஒருவரிடம் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். நான் தள்ளியதே எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

3. எழுதுங்கள். என் முதல் வரைவு இது: "மாப்ள, நேத்து கொஞ்சம் ஓவரா போயிடுச்சு. சரக்கு பேச வச்சிடுச்சு. மனசுல வச்சுக்காத."

படித்துப் பார்த்தால் இதில் நான் எங்குமே இல்லை. எல்லாம் தானாகப் "போயிடுச்சு", பேச வைத்தது சரக்கு. கடைசி வரியோ அடிபட்டவனுக்கே வேலை வைக்கிறது. "போயிடுச்சு" வரும் இடத்திலெல்லாம் "பேசிட்டேன்", "தள்ளினேன்" என்று மாற்றுங்கள். மாற்றி எழுதி அனுப்பியது:

"மாப்ள, நேத்து உன் மாமா முன்னாடி கைமாத்து விஷயத்தைச் சொல்லி உன்னைக் கேவலப்படுத்திட்டேன். உன்னைத் தள்ளினேன். ரெண்டும் தப்பு, மன்னிச்சிரு. காசை அவசரப்பட்டுத் திருப்பாத, அதப்பத்தி இனிமே யார்கிட்டயும் பேசமாட்டேன். உன் வீட்டு விசேஷத்துல இனி குடிக்கமாட்டேன். மாமாவைப் பாத்து மன்னிப்புக் கேக்கணும், நீ சரின்னா மட்டும் போறேன். பதில் இப்பவே வேணாம்."

காசைப் பற்றிய வரி கட்டாயம் வேண்டும். அவமானப்பட்டவன் உடனே வட்டிக்கு வாங்கியாவது கடனை அடைக்கப் பார்ப்பான். "இனி குடிக்கவே மாட்டேன்" என்று எழுதாதீர்கள், அதை அவன் நம்பமாட்டான். காப்பாற்றக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

4. அவனுக்குத் தனியாக அனுப்புங்கள். நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், எல்லோரும் பார்க்க அவன் "பரவால்ல" சொல்ல வேண்டியதாகிவிடும். அனுப்பிய பிறகு நீல டிக் விழுந்தும் பதில் வராது, கை பரபரக்கும். அப்போது அடுத்த செய்தி அனுப்பினால் அது நச்சரிப்பாகிவிடும். போனை வைத்துவிடுங்கள்.

எனக்கு இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது: "ஞாயித்துக்கிழமை மாமா வீட்டுக்குப் போலாம். நானும் வர்றேன்."