ஐந்து கிலோ குறைக்க எத்தனை கிழமை? தசை கரையாமல் கொழுப்பைக் குறைக்கும் கணக்கு

என் சின்னம்மாவின் மகன் கிளிநொச்சியில் கந்தோர் வேலை. உயரம் 168 சென்டிமீற்றர், எடை 70 கிலோ. பார்த்தால் குண்டு என்று சொல்லமாட்டீர்கள், சேட்டுக்குள்ளே வயிறு மட்டும் கொஞ்சம் முன்னுக்கு நிற்கும். போன வருசம் தமையனின் கலியாணத்துக்கு முதல் ஐந்து கிலோ குறைக்க வேண்டுமென்று இராச்சாப்பாட்டை அடியோடு நிறுத்தினான். நாலு கிழமையில் 65.8. எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னான்.

அவன் சொல்லாததும் ஒன்று இருந்தது. முந்தி ஒரே மூச்சில் 22 தண்டால் எடுத்தவன், அப்போது 13-இல் நின்றான். கலியாணம் முடிந்து மூன்று மாதத்தில் மறுபடி 70. எடை பழையபடிதான், ஆனால் பெல்ற் ஒரு ஓட்டை வெளியே போயிருந்தது. போனதில் தசையும் இருந்தது, திரும்பி வந்தது பெரும்பாலும் கொழுப்பு.

கொஞ்சமாகக் குறைக்க வேண்டியவர்களுக்குத்தான் இந்த ஆபத்துக் கூட. உடம்பிலுள்ள கொழுப்பு ஒரு நாளைக்கு இவ்வளவு சக்திதான் தரும் என்றொரு எல்லை இருக்கிறது. சேமிப்புப் பெரிதென்றால் அந்த எல்லையும் பெரிது. 110 கிலோ ஆள் கிழமைக்கு ஒரு கிலோ குறைத்தாலும் கொழுப்பே பெரும்பாலும் ஈடு கொடுக்கும். 70 கிலோ ஆள் அதே வேகத்தில் போனால், துண்டு விழுகிற சக்திக்கு உடம்பு தசையில் கை வைக்கும். வற்றின குளத்தில் மதகை முழுக்கத் திறந்த மாதிரி.

முதற்படி: வேகத்தைத் தீர்மானியுங்கள்

ஐந்தாறு கிலோ மட்டும் குறைக்க வேண்டியவருக்கு நான் சொல்லும் அளவு, கிழமைக்கு உடல் எடையில் 0.5 வீதம். மேல் எல்லை 0.7 வீதம். நோர்வேயில் விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, கிழமைக்கு 0.7 வீதமும் 1.4 வீதமும் குறைக்கவைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2011-இல் வெளிவந்தது. இரு குழுவும் பளு தூக்கியது. மெல்லக் குறைத்தவர்களுக்குக் கொழுப்புக் குறைந்ததோடு தசையும் கூடியது. வேகமாகக் குறைத்தவர்களுக்கு அது கூடவில்லை.

அந்தத் தம்பிக்கு இந்தமுறை போட்ட கணக்கு: 70 கிலோவில் 0.5 வீதம் என்றால் 350 கிராம். ஐந்து கிலோவுக்குப் பதினாலு, பதினைந்து கிழமை. "அவ்வளவு நாளா அண்ணை?" என்று முகத்தைச் சுளித்தான். போன தடவை நாலு கிழமையில் குறைத்தது எங்கே என்று கேட்டேன், பேசவில்லை.

அடுத்தது: சாப்பாட்டில் எவ்வளவு கழிப்பது

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 350 கிராமுக்கு 2,700. ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 385, அதை 400 என்று வைத்தோம்.

இதற்காகத் தனிச்சமையல் தேவையில்லை. அவன் நாளுக்கு மூன்று பால் தேத்தண்ணி குடிப்பான், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. அந்தச் சீனியை விட்டால் நூறு கலோரி. பின்னேரம் கடையில் தின்னும் ஒரு வடையை விட்டால் இன்னொரு நூறு. மத்தியானச் சோற்றில் ஒரு கோப்பை குறைத்தால் இருநூறு. கறியில் கை வைக்கவில்லை, இராச்சாப்பாட்டையும் நிறுத்தவில்லை.

தசைக்குரிய பங்கு

வேகத்தைக் குறைத்தால் மட்டும் தசை நிற்காது. புரதமும் பளுவும் வேண்டும்.

எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.6 கிராம் புரதம் என்று வையுங்கள். அவனுக்கு 112 கிராம். கேட்கப் பெரிதாகத் தெரியும், கோப்பையில் பார்த்தால் அப்படியில்லை. காலமை மூன்று முட்டையில் 18 கிராம். முள் நீக்கின குளத்து மீன் 200 கிராமில் கிட்டத்தட்ட 40. காய்ந்த சோயாமீற் 50 கிராமில் 25. பருப்பு ஒரு பிடியில் பத்து. மிச்சம் சோறு, பால், பயறிலிருந்து வந்துவிடும். கச்சானைப் புரதமென்று நம்பி அள்ளாதீர்கள். நூறு கிராமில் 25 கிராம் புரதம் இருப்பது உண்மை, கூடவே 570 கலோரி அளவில் இருக்கிறது, அன்று கழித்ததெல்லாம் அதில் போய்விடும்.

இங்கே ஒரு தடை போட்டே ஆகவேண்டும். வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள பகுதி. உங்களுக்கோ வீட்டாருக்கோ அது இருந்தால், இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்களும் சாப்பாட்டைக் குறைக்க முதல் கேளுங்கள், சீனி திடீரென்று இறங்கிவிடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இந்தக் கணக்கில் இறங்கவே வேண்டாம்.

பளுவுக்கு ஜிம் இல்லையென்றால் அரை மூட்டை அரிசி போதும். தோளில் வைத்து இருந்து எழும்புவது, தண்டால், வேப்பங்கொப்பில் தொங்கி ஏறுவது. கிழமைக்கு மூன்று நாள், அரை மணித்தியாலம். களைப்பாக இருக்கும் நாளில் சுற்றைக் குறையுங்கள், பாரத்தைக் குறைக்காதீர்கள். தூக்கும் பாரம்தான் இந்தத் தசை தேவை என்று உடம்புக்குச் சொல்கிறது.

தராசை வாசிப்பது

பெரும்பாலானவர்கள் குழம்புவது இங்கேதான். தினமும் காலமை, கழிப்பறை போய்வந்து, ஒன்றும் குடிக்க முதல் நிறுத்து எழுதுங்கள். ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை, ஏழு நாள் சராசரிக்குத்தான் மதிப்பு.

தம்பியின் மூன்றாம் கிழமை, சனி தொடக்கம்: 69.1, 68.8, 68.7, 69.6, 69.2, 68.6, 68.3. திங்கள் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்ப் புக்கை சாப்பிட்டான், செவ்வாய் 900 கிராம் ஏறியிருந்தது. ஒரே இரவில் அவ்வளவு கொழுப்பு ஏறாது. மாச்சத்துச் சேர்ந்தால் தசையும் ஈரலும் அதைத் தண்ணியோடு சேர்த்து வைக்கும், உப்பும் தண்ணியைப் பிடிக்கும். அந்தக் கிழமைச் சராசரி 68.9. அதற்கு முந்தின கிழமை 69.2. 300 கிராம் இறக்கம், எல்லாம் சரி.

முதற்கிழமையில் தண்ணி வடிவதால் எடை சடாரென்று இறங்கும், அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். அவனுக்கு முதற்கிழமைச் சராசரி 70, இரண்டாம் கிழமை 69.2. ஆகவே இரண்டிலிருந்துதான் எண்ணினோம். பெண்கள் மாதவிடாய் நாட்களில் தண்ணி சேர்வதால், இந்த மாதத்துக் கிழமையை முந்தின மாதத்து அதே கிழமையோடு ஒப்பிடுங்கள்.

எப்போது மாற்றுவது

இரண்டு மூன்று கிழமை பார்த்துத்தான் கை வையுங்கள். தராசோடு தண்டால் எண்ணிக்கையையும், தொப்புள் மட்டத்தில் தையல் நாடா அளவையும் எழுதுங்கள். எடை கிழமைக்கு 500 கிராமுக்கு மேல் இறங்கி, தண்டாலும் குறைந்து, இடுப்பு அசையாமல் இருந்தால் தசை போகிறது. நாளுக்கு 150, 200 கலோரி திருப்பிச் சேருங்கள், முக்கால் கோப்பைச் சோறு போதும். எடை அசையாமல் இடுப்பு மட்டும் குறைந்தால் ஒன்றையும் மாற்றாதீர்கள். இரண்டுமே மூன்று கிழமை நின்றுபோனால் நூறு கலோரி கழியுங்கள், அல்லது பின்னேரம் அரை மணித்தியாலம் குளக்கட்டில் நடவுங்கள்.

தம்பிக்கு இது பதினோராம் கிழமை. சராசரி 66.2, தண்டால் 25, பெல்ற் இரண்டு ஓட்டை உள்ளே. மிச்சம் 1.2 கிலோ. கொழுப்புக் குறையக் குறைய அது நாளுக்குத் தரும் சக்தியின் எல்லையும் சுருங்குவதால், கிழமைக்கு 250 கிராமாக மெதுவாக்கியிருக்கிறோம். மத்தியானச் சோற்றில் அரைக் கோப்பை திரும்ப வந்திருக்கிறது, இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.