ஹார்டனிங் செய்தால் கம்பி குறைவாக வளையுமா?

போன வாரம் டூல் ரூமுக்குப் புதிதாக வந்த பையன், துளையைக் குடைந்து பெரிதாக்கும் கம்பியான போரிங் பாரின் வரைபடம் ஒன்று கொண்டு வந்தான். அதன் அடியில் "வளைவைக் குறைக்க ஹார்டனிங் செய்யவும்" என்று எழுதியிருந்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். அலகு மாற்றிப் போடுவது, பூஜ்யம் விடுவது போன்றவை தானே தெரிந்துவிடும் தவறுகள், அவற்றை விடுகிறேன். இந்த ஒன்று மட்டும் பணத்தை விழுங்கிய பிறகுதான் தெரியும்.

விறைப்புக்காக ஹார்டனிங்குக்கு அனுப்புவது

அன்று என் கம்பி 20 மி.மீ. விட்டம், பிடியிலிருந்து 120 மி.மீ. வெளியே நீட்டியிருந்தது. வெட்டு விசை சுமார் 500 நியூட்டன். கம்பி அதிர்ந்து துளையில் சாட்டர் கோடுகள் விழுந்தன, அளவும் குறைவாக வந்தது. கம்பி வளைகிறது என்று சரியாகத்தான் கண்டுபிடித்தேன். மருந்துதான் தவறு. ஹார்டனிங், டெம்பரிங் முடிந்து கம்பி கோணலாகத் திரும்பி வந்தது. கிரைண்டிங்குக்கென்று நான் கூடுதல் அளவு விடவில்லை. நேராக்கித் தேய்த்தபோது 19.6 மி.மீ. தான் மிஞ்சியது. லேத்தில் போட்டால் அதே சாட்டர்.

கணக்கு இதுதான்:

δ = FL³ / (3EI), I = πd⁴/64

δ முனையின் வளைவு, F வெட்டு விசை, L நீட்டல், d விட்டம், E பொருளின் விறைப்பு, I குறுக்குவெட்டின் விறைப்பு.

ஸ்டீலின் யங் குணகம் (E) 205 ஜிகாபாஸ்கல் என்று வைத்தால் 20 மி.மீ. கம்பியின் முனை 0.18 மி.மீ. வளையும். 19.6 மி.மீ. கம்பி 0.19 மி.மீ. வளையும். செலவு செய்து நிலைமையை இன்னும் கெடுத்திருந்தேன். ஹார்டனிங்கால் E மாறவில்லை, தேய்த்ததால் விட்டம் குறைந்துவிட்டது.

ஏன் மாறவில்லை? இரும்பில் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசையும் தள்ளும் விசையும் சமமாகும் ஒரு தூரத்தில் நிற்கின்றன. அந்த இடத்திலிருந்து கொஞ்சம் விலக்கினால் எவ்வளவு வேகமாக எதிர்விசை ஏறுகிறது என்பதுதான் விறைப்பு. என் கம்பியில் அதிகபட்சத் தகைவு 76 மெகாபாஸ்கல், அதாவது பத்தாயிரத்தில் நான்கு பங்குக்கும் குறைவான நீட்சி. எந்தப் பிணைப்பும் அறுவதில்லை. விசையை எடுத்தால் எல்லா அணுவும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஹார்டனிங் வேலை செய்யும் இடம் வேறு. படிக அடுக்குகளில் அணு வரிசை பிசகிய இடங்களான இடப்பிறழ்வுகள் நகர்ந்தால்தான் உலோகம் நிரந்தரமாக வளையும். ஹார்டனிங்கில் சூடான ஸ்டீலை வேகமாகக் குளிரவைக்கும்போது உள்ளே சிக்கிக்கொண்ட கார்பன் அந்த நகர்வைத் தடுக்கிறது. அதனால் நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு பல மடங்கு ஏறுகிறது. ஆனால் 0.4 சதவீதக் கார்பன் உள்ள ஸ்டீலில் நூறு அணுவுக்குச் சுமார் இரண்டுதான் கார்பன், மீதி பெரும்பாலும் இரும்பு. இரும்புக்கும் இரும்புக்கும் உள்ள பிணைப்பு அப்படியே இருக்கிறது. முழுதாக ஹார்டன் செய்த ஸ்டீலில் E சில சதவீதம் குறையக்கூடும், ஏறாது.

நம்பிக்கை வராதவர்கள் ஒரே அளவில் ஹார்டன் செய்த கம்பி ஒன்று, செய்யாதது ஒன்று எடுத்து, ஒரே பிடியில் மாற்றி மாற்றிப் பூட்டி, முனையில் 50 கிலோ தொங்கவிட்டு டயல் வைத்துப் பாருங்கள். பிடியும் கொஞ்சம் நெகிழும் என்பதால் கணக்கைவிட அளவு கூடுதலாக வரும். இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

அப்புறம் என்னதான் செய்வது? நீட்டலை 120-லிருந்து 95 மி.மீ. ஆக்கினால் வளைவு பாதி. அல்லது விட்டத்தை 24 மி.மீ. ஆக்கினாலும் பாதிக்குக் கீழே போகும். இரண்டுக்கும் இடமில்லை என்றால்தான் பொருளை மாற்ற வேண்டும். டங்ஸ்டன் கார்பைடு கம்பியில் E சுமார் 600 ஜிகாபாஸ்கல், வளைவு மூன்றில் ஒரு பங்கு. டங்ஸ்டனுக்கும் கார்பனுக்கும் உள்ள பிணைப்பு அவ்வளவு இறுக்கம். விலை அதிகம், கீழே விழுந்தால் உடைந்துவிடும்.

ஒவ்வொரு ஸ்டீலுக்கும் தனி E தேடுவது

சாதாரணக் கார்பன் ஸ்டீலோ அலாய் ஸ்டீலோ, E 200 முதல் 210 ஜிகாபாஸ்கலுக்குள்தான்.

வலிமையானது விறைப்பானது என்று எண்ணுவது

டைட்டானியம் அலாய் பல ஸ்டீல்களைவிட அதிகத் தகைவு தாங்கும். அதன் E 115-க்கு அருகில்தான். அலுமினியம் 70. பாலித்தீனுக்குச் சுமார் 1 ஜிகாபாஸ்கல்தான். பாலித்தீன் சங்கிலிக்குள்ளே கார்பன் பிணைப்பு மிக வலுவானது. ஆனால் நாம் இழுக்கும்போது முதலில் நெகிழ்வது சங்கிலிகளுக்கு இடையிலுள்ள பலவீனமான ஈர்ப்பு.

ஹீட் ட்ரீட்மென்ட்டையும் வேலை செய்யும் சூட்டையும் குழப்புவது

சூடாக்கி ஆறவைத்த ஸ்டீலில் E பழைய இடத்துக்கே வந்துவிடும். சூடாகவே வேலை செய்யும் ஸ்டீலில் அப்படியில்லை. அணுக்களின் அதிர்வு கூடி சராசரி இடைவெளி விரிகிறது, பிணைப்பு தளர்கிறது, E இறங்குகிறது. உலைக்குள் நிற்கும் தாங்கியின் வளைவை அறை வெப்பநிலை E போட்டுக் கணக்கிட்டால் குறைத்துத்தான் காட்டும்.

பையனின் வரைபடத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, நீட்டலை 95 மி.மீ. என்று திருத்திக் கொடுத்தேன்.