எந்த ஆங்கிலத் தேர்வு எழுதுவது? மதிப்பெண்ணைக் கேட்பவரிடமிருந்து தொடங்குங்கள்

"எந்தத் தேர்வு சுலபம்?" என்றுதான் பலரும் தேடத் தொடங்குகிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கனடாவில் முதுகலை படித்துவிட்டு, அங்கேயே வேலை பார்த்து, நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் ஒருவரை வைத்தே பார்ப்போம்.

படி 1: யார் யாருக்குக் காட்டப்போகிறீர்கள்?

ஒரு தாளில் எழுதுங்கள்: பல்கலைக்கழகம், வேலை, குடியேற்றத் துறை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, மதிப்பெண் தேவைப்படும் மாதத்தையும் குறியுங்கள். வேலை தருபவர் பெரும்பாலும் மதிப்பெண் கேட்பதில்லை என்றாலும், படிப்பு முடிந்து அங்கே வேலை பார்க்க வாங்கும் பணி அனுமதிக்குக் குடியேற்றத் துறை மதிப்பெண் கேட்கும். செவிலியர் போன்ற உரிமம் தேவைப்படும் தொழிலென்றால், உரிமம் தரும் அமைப்பின் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

படி 2: தேர்வின் முழுப் பெயரைப் பாருங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஐஇஎல்டிஎஸ் என்ற ஒரே பெயரில் அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று இரண்டு உண்டு. பல்கலைக்கழகம் கேட்பது அகாடமிக். நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை ஏற்பதோ ஜெனரல் டிரெய்னிங்கை. அகாடமிக்கில் 8 வாங்கியிருந்தாலும் அங்கே செல்லாது. பிடிஇ என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்விலும் இதே கதைதான்: படிப்புக்கு பிடிஇ அகாடமிக், எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு பிடிஇ கோர். செல்பிப் ஜெனரல் என்ற தேர்வையும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஏற்கிறார்கள்.

ஆக, நம்மவர் இரண்டு தேர்வுகள் எழுதத்தான் வேண்டும். பயிற்சி மையத்தில் "ஒன்றே போதும்" என்று சொன்னால், துறையின் இணையதளத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 3: மொத்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள்

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கையும் தனித்தனியே சிஎல்பி என்ற கனடிய அளவுகோலுக்கு மாற்றுவார்கள். சிஎல்பி 9-க்கு ஜெனரல் டிரெய்னிங்கில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். ஒருவர் கேட்டலில் 7.5, வாசித்தலில் 8.5, எழுதுதலிலும் பேசுதலிலும் 7 எடுக்கிறார். சராசரி 7.5, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டல் சிஎல்பி 8-இலேயே நின்றுவிடுகிறது. வாசித்தலில் கூடுதலாக எடுத்தது அதை ஈடுகட்டாது. சேர்க்கைக்கும் பல பல்கலைக்கழகங்கள் மொத்தத்தோடு ஒவ்வொரு திறனுக்கும் குறைந்தபட்சம் வைக்கின்றன.

படி 4: தேதியை எண்ணுங்கள்

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் சுயவிவரம் பதியும்போது மட்டுமல்ல, நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பத்தை அனுப்பும் நாளிலும் முடிவு வந்து 2 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. படிப்பே 2 ஆண்டு என்றால், கிளம்பும்முன் ஜெனரல் டிரெய்னிங்கையும் சேர்த்து எழுதி வைப்பது வீண்செலவு. இப்போது அகாடமிக் மட்டும் போதும். இன்னொன்றைப் படிப்பு முடியும் சமயத்தில், பணி அனுமதிக்கு விண்ணப்பிக்கும்முன் எழுதலாம்.

படி 5: வீட்டிலிருந்து எழுதலாமா?

சில பல்கலைக்கழகங்கள் டுவோலிங்கோ போன்ற வீட்டுத் தேர்வை ஏற்கின்றன. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு அது உதவாது. பணம் கட்டும் அன்று துறையின் பக்கத்தை மறுபடி திறந்து, பட்டியலில் உள்ள பெயரும் பதிவுப் படிவத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.