வழுக்கும் துணிக்கு அடியில் ஒரு தாள்: ஜார்ஜெட், சாட்டினை வெட்டித் தைக்கும் முறை

ஜார்ஜெட்டில் நான் முதன்முதலாகத் தைத்தது ஒரு மேலாடையின் பக்கவாட்டுத் தையல். 40 செ.மீ. நீளம்தான். தொடங்கும்போது இரண்டு துணியும் விளிம்போடு விளிம்பு பொருந்தி இருந்தன. தைத்து முடித்தபோது மேல் துணி அரை விரற்கடை நீண்டு நின்றது. மீந்ததை வெட்டி எறிந்துவிட்டேன். அதுதான் தவறு என்பது அணிந்து பார்த்தபோது தெரிந்தது. அந்தப் பக்கம் முழுவதும் முறுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தையல் இயந்திரத்தில் துணியை நகர்த்துவது அடியில் இருக்கும் பற்கள். அவை கீழ்த் துணியைப் பிடித்துப் பின்னால் இழுக்கின்றன. மேலே இருக்கும் பாதமோ மேல் துணியை அழுத்தித் தடுக்கிறது. பருத்தித் துணியில் இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சேர்ந்தே போகும். சாட்டினில் இழைகள் நீளநீளமாக மேற்பரப்பில் படுத்துக் கிடப்பதால் பற்றிக்கொள்ள ஒரு சொரசொரப்பும் கிடையாது. ஜார்ஜெட்டின் சங்கதி வேறு. நன்றாக முறுக்கேற்றிய நூலை நெருக்கமில்லாமல் நெய்த துணி அது. தொட்ட பக்கமெல்லாம் நெளியும். மேசையில் சதுரமாக வைத்தது, கத்தரிக்கோல் பட்டதும் சாய்சதுரம் ஆகிவிடும்.

எனவே வெட்டும்போதும் தைக்கும்போதும் துணிக்குத் தற்காலிகமாக ஓர் உடம்பு தேவை. அந்த உடம்புதான் டிஷ்யூ தாள்.

எந்தத் தாள்?

முகம் துடைக்கும் தாளைச் சொல்லவில்லை. அது பஞ்சு பஞ்சாகப் பிரிந்து தையலில் ஒட்டும். பரிசுப் பெட்டிக்குள்ளும் புதுச் சட்டை மடிப்புக்குள்ளும் சலசலவென்று வருமே, அந்த மெல்லிய வெள்ளைத் தாள்தான் வேண்டும். வண்ணத் தாள் ஈரம் பட்டால் சாயம் விடும். செய்தித்தாளின் மை துணியில் ஏறும். தடித்த தாளில் இன்னொரு சிக்கலும் உண்டு: அதைக் கிழித்தெடுத்த பிறகு, தாள் இருந்த இடம் அளவுக்குத் தையல் தளர்ந்து, நூல் கண்ணி கண்ணியாக நிற்கும். தாள் மெலிய மெலியத் தையல் இறுகும்.

வெட்டுதல்

முதலில் துணியின் ஓரத்தை நேராக்க வேண்டும். கடையில் கிழித்தோ வெட்டியோ தந்த ஓரம் நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். கரையோரத்தில் 1 செ.மீ. வெட்டி, ஓர் ஊடை இழையைக் குண்டூசி முனையால் கிளப்பி மெதுவாக இழுங்கள். இழுத்த இடத்தில் துணி சற்றே சுருங்கி, குறுக்காக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே வெட்டிக்கொண்டு போங்கள். இழை அறுந்தால் அறுந்த இடத்தில் மறுபடி கிளப்பிக்கொள்ளலாம். ஜார்ஜெட்டில் சில அங்குலத்துக்கு ஒருமுறை அறுந்துகொண்டேதான் இருக்கும். பொறுமை போய் அளவுகோலை வைத்து வெட்டினால், பிறகு அளவுகள் எல்லாம் கோணும்.

அடுத்து, தாளை மேசை மீது விரியுங்கள். அதில் பென்சிலால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு கோடுகள் போட்டு, தாளைக் கவிழ்த்து வையுங்கள். கோடு தாளின் வழியே தெரியும், ஆனால் பென்சில் துணியில் ஒட்டாது. நேராக்கிய ஓரத்தை ஒரு கோட்டோடும் கரையை மற்றொன்றோடும் பொருத்தி, துணியை ஒற்றை அடுக்காக அதன் மேல் போடுங்கள். இழுத்துப் பரப்பக் கூடாது. உள்ளங்கையால் ஒற்றி ஒற்றிப் படிய வைக்க வேண்டும். இழுத்து வைத்த துணி, வெட்டிய மறுநிமிடம் சுருங்கிச் சின்னதாகிவிடும்.

துணியை மடித்துப் போட்டு இரண்டு பாகத்தையும் ஒரே வெட்டில் எடுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அடி மடிப்பு எங்கே நகர்ந்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. உடையின் பாகத்தை வரைந்து வைத்திருக்கும் அளவுத் தாள் பாதிப் பாகத்துக்குத்தான் இருக்கிறது என்றால், அதை முழுப் பாகமாக வரைந்துகொள்வதுதான் நல்லது.

அளவுத் தாள், துணி, டிஷ்யூ ஆகிய மூன்றையும் சேர்த்து மெல்லிய குண்டூசி குத்துங்கள். தையலுக்காக விட்ட ஓரத்துக்குள் மட்டும் குத்துங்கள், ஏனென்றால் சாட்டினில் குத்திய துளை ஆறாத வடு. வெட்டும்போது கத்தரியின் கீழ் அலகு மேசையை விட்டு எழும்பவே கூடாது. துணியையும் தாளையும் ஒன்றாகவே, நீண்ட வீச்சாக வெட்டுங்கள். கடைசி முனைவரை அலகை மூடாமல், பாதியிலேயே அடுத்த வீச்சுக்குப் போனால் விளிம்பு பல் பல்லாக வராது. தாள் வெட்டினால் கத்தரி சற்றுச் சீக்கிரம் மழுங்கும் என்பது உண்மைதான். நான் இதற்கென்றே ஒரு கத்தரி வைத்திருக்கிறேன்.

வெட்டிய துண்டுகளைத் தாளோடேயே எடுத்து வையுங்கள். தைக்கப் போகும் நேரத்தில் பிரித்தால் போதும்.

ஊசியும் நூலும்

ஊசி உறையில் 70/10 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ஊசியின் பருமன். 70 என்றால் 0.7 மி.மீ. ஜார்ஜெட்டுக்கு 60/8 அல்லது 65/9, சாட்டினுக்கு 65/9 அல்லது 70/10 சரியாக இருக்கும். நுனி கூர்மையாக இருக்கும் 'மைக்ரோடெக்ஸ்' வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். பின்னல் துணிக்கான உருண்டை நுனி ஊசி இதற்கு ஆகாது.

புதிய ஊசியாக இருப்பது முக்கியம். பழைய ஊசியின் நுனியை ஒரு சாட்டின் துண்டின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். மழுங்கிய ஊசி சாட்டினில் போனால், தையலுக்குக் குறுக்கே மயிரிழைபோலச் சின்னச் சின்னக் கோடுகள் இழுபட்டு நிற்கும். எத்தனை இஸ்திரி போட்டாலும் அவை போகாது.

ஊசி மெலிந்தால் நூலும் மெலிய வேண்டும். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இயந்திரத்தில் மாட்டும் முன் ஊசியில் ஒரு முழ நூலைக் கோத்து, நூலின் இரு முனைகளையும் பிடித்துச் சாய்வாக நிறுத்துங்கள். ஊசி தானாகச் சறுக்கி இறங்கினால் பொருத்தம் சரி. நடுவில் நின்றால் அந்த நூல் அந்த ஊசிக்குத் தடிப்பு.

தைத்தல்

என்னைக் கவிழ்த்த அதே 40 செ.மீ. பக்கவாட்டுத் தையலையே எடுத்துக்கொள்வோம். ஜார்ஜெட் ஓரம் பிசிர் விடும். மறுபக்கம் வெளியே தெரியவும் செய்யும். அதனால் ஓரத்தை உள்ளே வைத்து மூடும் பிரெஞ்சு தையல் போடுகிறோம். வெட்டும்போது ஓரத்துக்கு 12 மி.மீ. விட்டிருக்க வேண்டும்.

தாளை 5 செ.மீ. அகலத்தில் நாடாபோல வெட்டிக்கொள்ளுங்கள். நீளம் 46 செ.மீ. இருக்கட்டும். தையல் நீளம் 2 மி.மீ. பாத அழுத்தத்தைக் குறைக்கும் திருகு உங்கள் இயந்திரத்தில் இருந்தால் சற்றுத் தளர்த்துங்கள். முதலில் மீந்த துண்டுகள் இரண்டை அடுக்கி, தாளோடு ஒரு சாண் தைத்துப் பாருங்கள். தையல் வரி சுருங்கினால் மேல் நூலின் டென்ஷனைச் சற்றுக் குறையுங்கள்.

இப்போது இரண்டு பாகங்களின் நல்ல பக்கமும் வெளியே பார்க்கும்படி சேர்த்து வையுங்கள். வழக்கத்துக்கு நேர்மாறு, ஆனால் தவறில்லை. முதலில் இரு முனைகளிலும், பிறகு நடுவிலும், அப்புறம் இடைவெளிகளிலும் குண்டூசி குத்துங்கள். ஒரு முனையிலிருந்தே குத்திக்கொண்டு போனால் அங்கேயே துணி நகரத் தொடங்கிவிடும்.

தாள் நாடாவைத் துணிக்கு அடியில், இரண்டு பக்கமும் 3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். ஊசியை முதலில் அந்த வெறும் தாளில் இறக்கி, கைச்சக்கரத்தைச் சுற்றி இரண்டு தையல் போட்டு, பிறகு துணிக்குள் நுழையுங்கள். துணியின் மூலையை ஊசித் துளைக்குள் இயந்திரம் விழுங்கும் தொல்லை இதோடு தீர்ந்தது. முதல் சில தையல்களுக்கு நூல் முனைகள் இரண்டையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து 6 மி.மீ. தள்ளி, நிதானமாகத் தையுங்கள். கைகள் தாளை வழிநடத்தட்டும், துணியை இழுக்க வேண்டாம். குண்டூசியை ஊசி நெருங்கும் முன் உருவிவிடுங்கள். முன்னும் பின்னும் ஓட்டிக் கட்டாமல், நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போடுங்கள்.

தாள் அடித் துணியைத்தான் காப்பாற்றும். மேல் துணி அப்போதும் முன்னால் ஊர்ந்து வந்தால், தையல் வரிக்குச் சற்று உள்ளே ஓரத்துக்குள்ளேயே ஊசியும் நூலுமாகக் கையால் நீள ஓட்டுத்தையல் போட்டுவிட்டுத் தையுங்கள். நீளமான தையல்களுக்கு நான் அதைத்தான் செய்கிறேன். பத்து நிமிடம் கூடுதலாகும், பிரித்துத் தைப்பதைவிட அது மேல்.

தாளைக் கிழித்தல்

ஊசித் துளைகளால் தாள் தபால் தலை ஓரம்போலக் கிழியத் தயாராக இருக்கும். இடது கட்டைவிரலால் தையலை அழுத்திக்கொண்டு, தாளைத் தையலுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியுங்கள். முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். மேல்நோக்கிப் பிடுங்கினால் தையல் தளர்ந்துவிடும். மாட்டிக்கொண்ட துணுக்குகளைச் சிறு இடுக்கியால் எடுங்கள். தாள் கிழியவே மறுத்தால் தையல் மிகவும் நீளம். தூள் தூளாகி உள்ளேயே சிக்கினால் மிகவும் குட்டை.

பிறகு ஓரத்தை 3 மி.மீ. அளவுக்குக் குறைத்து வெட்டி, குறைந்த சூட்டில், மேலே ஒரு மெல்லிய துணி போட்டு இஸ்திரியை ஒற்றி எடுங்கள். தேய்த்துத் தள்ளினால் ஜார்ஜெட் நீண்டுவிடும். துணியைத் திருப்பி நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க மடித்து, புதுத் தாள் நாடா வைத்து மடிப்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி இரண்டாம் தையல். 3 மி.மீ. ஓரம் அதற்குள் அடங்கிவிடும். நல்ல பக்கத்தில் நூல் பிசிர் எட்டிப் பார்த்தால், முதல் ஓரத்தை நீங்கள் போதுமான அளவு வெட்டவில்லை என்று பொருள்.

சாட்டினிலும் இதே முறைதான். ஒன்று மட்டும் கவனம்: அதன் பளபளப்பு திசைக்குத் திசை மாறும், எல்லாப் பாகங்களின் மேல்முனையும் ஒரே பக்கம் பார்க்க வெட்டுங்கள். தடித்த சாட்டினாக இருந்தால் வெட்டும்போது தாள் போதும், தைக்கும்போது பெரும்பாலும் தேவைப்படாது.

வேலை முடிந்ததும் ஊசித் தட்டைக் கழற்றிப் பாருங்கள். பற்களுக்கு நடுவிலும் பாபின் கூட்டிலும் வெண்மாவுபோலத் தாள் தூள் படிந்திருக்கும். எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாகும் முன் ஒரு சின்னத் தூரிகையால் துடைத்து எடுத்துவிடுங்கள்.